பில் பாஸாகிவிட்டது, பணம் எப்போது வரும்?

கோவை கணபதியில் மூன்று சி.என்.சி. இயந்திரங்களோடு பட்டறை நடத்தும் ஒருவர், போன டிசம்பரில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மாதத்துக்கு இரண்டு நாள் போய் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போன அந்தக் கடிதம், "விவரம் போதாது" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்திருந்தது.

"பில்லு பாஸாயிருச்சுங்க. பார்ட்டியும் பெரிய பார்ட்டி. இன்னும் என்னத்தைங்க கேக்கறாங்க?" என்றார்.

கடிதத்தைப் படித்தேன். இத்தகைய கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரம் தமிழில் இப்படி இருந்தது:

"ஐயா, நாங்கள் 11 ஆண்டுகளாக நல்ல முறையில் தொழில் செய்து வருகிறோம். சென்னையிலுள்ள பிரபல வால்வு கம்பெனிக்கு உதிரி பாகங்கள் அனுப்பியுள்ளோம். அதற்கான ரூ.10,03,000 பில் பாஸாகிவிட்டது. பணம் வர 45 நாள் ஆகும். சம்பளமும் மூலப்பொருள் செலவும் நெருக்கடியாக உள்ளதால், மேற்படி பில்லை டிஸ்கவுண்ட் செய்து உடனே தொகையை வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கம்பெனி எப்போதும் சரியாகப் பணம் கொடுக்கும்."

எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் இதை வைத்துக்கொண்டு யாரும் பணம் கொடுக்க முடியாது. அந்த ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் விண்ணப்பம் பார்க்கும் பெண் எனக்குப் பழக்கம். போன் செய்து கேட்டேன். "சார், லெட்டர் முழுக்க உங்க கிளையன்ட்டைப் பத்தித்தான் இருக்கு. எங்களுக்குப் பணம் குடுக்கப் போறது அவர் இல்லையே" என்றார். அவர் சொன்னதில்தான் விஷயம் முழுதும் இருக்கிறது.

பில் டிஸ்கவுண்டிங் என்பது, இன்னும் சில வாரம் கழித்து வாங்குபவரிடமிருந்து வரவேண்டிய பணத்தை இன்றைக்கே ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் வாங்கிக்கொள்வது. அவர் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். கெடு நாளில் வாங்குபவர் நேராக அவருக்குக் கட்டுவார். வீட்டையோ நகையையோ வைத்து வாங்கும் கடனில், கேட்பவருடைய நிலைமையைப் பார்ப்பார்கள். இங்கே அடமானமே அந்த ஒரு பில்தான். ஆகவே படிக்கிறவர் மனதில் இருக்கும் கேள்விகள் சில: யார் கட்டுவார், உண்மையில் எவ்வளவு கட்டுவார், எந்தத் தேதியில் கட்டுவார், இதுவரை எப்படிக் கட்டியிருக்கிறார்? சம்பள நெருக்கடி இந்தக் கேள்விகளில் எதற்கும் பதில் ஆகாது. நெருக்கடியை அழுத்திச் சொல்லச் சொல்ல, 'இவர் பில்லைக் காட்டி வேறு இடத்திலும் வாங்கியிருப்பாரோ' என்ற சந்தேகம்தான் வளரும்.

எழுத உட்காரும் முன் அவரிடம் ஒன்று கேட்டேன்: அந்தச் சென்னை கம்பெனி 'ட்ரெட்ஸ்' தளத்தில் இருக்கிறதா? ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நடக்கும் மின்னணுச் சந்தை அது. சிறு தொழில்காரர் பில்லை ஏற்றுவார், வாங்குபவர் அங்கேயே அதை ஒப்புக்கொள்வார், வங்கிகள் வட்டியைக் குறிப்பிட்டுப் போட்டி போடும். வாங்குபவர் கட்டாமல் போனாலும் விற்றவரிடம் திரும்பி வரமாட்டார்கள் என்பது அதன் பெரிய வசதி. ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. வாங்குபவர் அங்கே இருந்தால் கடிதமே வேண்டாம், முதலில் அங்கே போங்கள் என்பேன். இந்த வால்வு கம்பெனியின் விற்றுமுதல் அந்த வரம்புக்குக் கீழே. அது பதிவு செய்திருக்கவில்லை. ஆகவே கடிதம்தான் வழி. பணம் வராவிட்டால் பட்டறைக்காரரே திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வரும்.

முதலில் 'பாஸாகிவிட்டது' என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம். "எதை வெச்சுப் பாஸாயிருச்சுங்கறீங்க?" என்று கேட்டேன். டெலிவரி சலானைக் காட்டினார். அதில் அந்தக் கம்பெனியின் கேட் சீல் இருந்தது. வண்டி உள்ளே போனதற்குத்தான் அது சாட்சி. அதற்குப் பிறகு ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்து, சரக்கு வரவுச் சீட்டு போடுவார்கள். ஜி.ஆர்.என். என்று சொல்வது அதைத்தான். அப்புறம் தரப் பரிசோதனை. அதில் தேறியதை மட்டும் அக்கவுண்ட்ஸ் பிரிவு பில்லோடும் பர்ச்சேஸ் ஆர்டரோடும் ஒப்பிட்டு, கட்டவேண்டிய தொகையாகப் புத்தகத்தில் ஏற்றும். அந்தக் கடைசிப் படி தாண்டினால்தான் ஃபைனான்ஸ்காரர் பார்வையில் அது அங்கீகரிக்கப்பட்ட பில். பட்டறைகளில் கேட் சீல் விழுந்ததையே பாஸ் என்று சொல்வது சகஜம். விண்ணப்பங்கள் திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அவருடைய பில் நிஜமாகவே கடைசிப் படியைத் தாண்டியிருந்தது. அதற்கான சான்று மட்டும் கையில் இல்லை. வாங்கும் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். பில் எண், ஏற்றுக்கொண்ட தேதி, கழிவு போகக் கட்டவேண்டிய நிகரத் தொகை, கெடு தேதி ஆகிய நான்கையும் உறுதிசெய்து பதில் கேட்டு. அன்று மாலையே இரண்டு வரியில் பதில் வந்தது. மின்னஞ்சல் அவர்களுடைய கம்பெனி முகவரியிலிருந்து வரவேண்டும். பர்ச்சேஸ் பிரிவுப் பையன் வாட்ஸாப்பில் அனுப்பும் 'ஓகே சார்' இதற்கு ஈடாகாது.

அந்தப் பதிலில் இருந்த தொகையைப் பார்த்ததும் பட்டறைக்காரர் முகம் சற்றுச் சுருங்கியது. பில்லில் 10,03,000 ரூபாய். அவர்கள் கட்டுவதாகச் சொன்னது 9,84,111. "பதினெட்டாயிரத்துச் சொச்சம் எங்க போச்சுங்க?"

எங்கும் போகவில்லை. அவர் அனுப்பியது 2,000 வால்வு பாடி, ஒன்று 425 ரூபாய். மொத்தம் எட்டரை லட்சம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,53,000. பரிசோதனையில் 36 பாடிகளைத் தள்ளிவிட்டார்கள். அதன் விலை 15,300, வரி 2,754, ஆக 18,054 ரூபாய்க்கு டெபிட் நோட் போட்டார்கள். அது மின்னஞ்சலில் வந்து நான்கு நாளாகத் திறக்கப்படாமல் கிடந்தது. மிச்சமுள்ளது வருமான வரிப் பிடித்தம். ஒரே ஆளிடம் ஒரு நிதியாண்டில் 50 லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி, அதற்கு மேற்பட்ட தொகையில் 0.1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். டிசம்பருக்குள் இவர் அந்த வரம்பைத் தாண்டியிருந்தார். வரி நீங்கலான 8,34,700 ரூபாய்க்கு அது 835 ரூபாய்.

வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. அதனால் என்ன என்று தோன்றும். ஆனால் கடிதத்தில் 10,03,000 என்று எழுதி, ஃபைனான்ஸ்காரர் சரிபார்க்கும்போது வாங்குபவர் 9,84,111 என்று சொன்னால், படிக்கிறவர் கண்ணுக்கு அது வெறும் பதினெட்டாயிரம் இல்லை. டெபிட் நோட்டை மறைத்ததாகத் தெரியும், அல்லது டெபிட் நோட் வந்ததே தெரியாத ஆளாகத் தெரியும். இரண்டில் எது என்று விசாரிக்க அவருக்கு நேரமில்லை.

தேதிக்கு வருவோம். '45 நாள்' என்று எழுதியிருந்தார். எந்த நாளிலிருந்து? பில் தேதி டிசம்பர் 3. சரக்கு வரவுச் சீட்டு டிசம்பர் 6. அக்கவுண்ட்ஸ் ஏற்றுக்கொண்டது டிசம்பர் 13. எங்கிருந்து எண்ணுகிறோமோ அதைப் பொறுத்துக் கெடு ஜனவரி 17 ஆகலாம், 20 ஆகலாம், 27-ஆகவும் ஆகலாம். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: சரக்கு வரவுச் சீட்டுத் தேதியிலிருந்து 45 நாள். அப்படியானால் ஜனவரி 20.

"இருபதாந் தேதி குடுத்துருவாங்களா?"

"இல்லீங்க. அவங்க பேமென்ட் ஓடறது பத்தும் இருபத்தஞ்சும்தான்."

இதை எல்லாரும் அறிவார்கள், யாரும் எழுதுவதில்லை. கம்பெனிகள் தினமும் பணம் அனுப்புவதில்லை. கெடு தாண்டியவற்றையெல்லாம் சேர்த்து மாதம் இரண்டு நாள் பார்த்து அனுப்புகின்றன. ஜனவரி 20 என்று எழுதி 25-ஆம் தேதி பணம் வந்தால், அது ஃபைனான்ஸ்காரர் ஏட்டில் ஐந்து நாள் தவணை தவறிய பில். அபராதக் கட்டணமும் உண்டு, இவர் பெயரில் ஒரு கறையும் விழும். முதலிலேயே 25 என்று எழுதினால் அது வெறும் ஐந்து நாள் கூடுதல் வட்டி. இவர் கேட்ட தொகைக்கு அது சுமார் 1,700 ரூபாய்.

சட்டப்படி பார்த்தால் அந்தக் கம்பெனி செய்வது தவறு. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு தொழில்காரருக்குச் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டுவிட்டு அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கத் துணிந்தவர்கள் கோவையில் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. எப்படியானாலும் இந்தக் கடிதம் அதற்கான இடமல்ல. ஃபைனான்ஸ்காரருக்கு எந்த நாளில் வரவேண்டும் என்பதைவிட எந்த நாளில் வரும் என்பதே வேண்டும்.

அதிக நேரம் எடுத்தது வரலாறுதான். "எப்போதும் சரியாகப் பணம் கொடுக்கும்" என்ற வரியை அடித்துவிட்டு, பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கை எடுத்து, அந்தக் கம்பெனியிலிருந்து வந்த ஒவ்வொரு வரவையும் அதற்குரிய பில்லோடு பொருத்தினோம். மொத்தம் 14 பில், 1,06,40,000 ரூபாய். கெடுவுக்கு அடுத்து வரும் பேமென்ட் நாளிலேயே வந்தவை 11. ஒரு சுற்றுத் தள்ளி வந்தவை இரண்டு, இரண்டுமே மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நேரத்தவை. ஒன்று மட்டும் 47 நாள் தாமதம்.

அந்த ஒன்றை விட்டுவிடலாமா என்று கேட்டார். வார்ப்பில் ப்ளோ ஹோல் இருந்தது கடைசலுக்குப் பிறகு தெரிய வந்து, அது ஃபவுண்டரி குற்றமா இவர் குற்றமா என்று இழுத்துக்கொண்டே போன விவகாரம் அது. கடைசியில் 92,000 ரூபாய் டெபிட் நோட்டில் முடிந்தது. விடக் கூடாது என்றேன். விண்ணப்பத்தோடு வங்கிக் கணக்கும் போகிறது. பட்டியலில் 13 இருந்து வங்கிக் கணக்கில் 14 இருந்தால், எழுதாமல் விட்டதைப் பற்றிதான் முதல் கேள்வி வரும். தவிர, காரணத்தோடு சொன்ன ஒரு தாமதம் படிக்கிறவருக்கு உதவுகிறது. வாங்குபவரிடம் பணம் இல்லாததால் நின்றதா, தரத் தகராறால் நின்றதா என்பது பெரிய வித்தியாசம். முதல் வகை என்றால் இந்தப் பில்லும் நிற்கலாம். இரண்டாவது வகை என்றால், ஏற்கெனவே பரிசோதனை முடிந்து, தள்ளியதைக் கழித்து, ஏற்றுக்கொண்ட பில்லில் அந்த ஆபத்து பெருமளவு தீர்ந்துவிட்டது.

கூடவே இன்னொரு எண்ணையும் போட்டோம். அந்த 14 பில்களில் டெபிட் நோட்டாகக் கழிந்தது மொத்தம் 1,38,000 ரூபாய், அதாவது 1.3 சதவீதம். ஃபைனான்ஸ்காரர்கள் பில் தொகை முழுவதையும் கொடுக்காமல் பத்து, இருபது சதவீதத்தை நிறுத்தி வைப்பது இந்தக் கழிவுக்குப் பயந்துதான். வழக்கமான கழிவு 1.3 சதவீதம்தான் என்று தெரிந்தால், 90 சதவீதம் கேட்பதற்குக் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

கடைசியாக ஒரு முட்டுக்கட்டை. இவருக்கு வங்கியில் சி.சி. கணக்கு உண்டு. அந்த வரம்புக்கு வங்கி ஈடாக எடுத்துக்கொண்டது சரக்கிருப்பும் வரவேண்டிய பாக்கிகளும். அந்தப் பாக்கிகளுக்குள் இந்தப் பில்லும் அடக்கம். அதைத் தனியே ஒருவரிடம் டிஸ்கவுண்ட் செய்ய வேண்டுமானால் வங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். இல்லாமல் செய்தால் ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியதாகிவிடும். வங்கியில் அந்தக் கடிதம் கிடைக்க மூன்று நாள் பிடித்தது. விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கேட்டு வைத்திருந்தால் அந்த மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

மறுபடி எழுதிய கடிதம் இது:

"பொருள்: அங்கீகரிக்கப்பட்ட ஒரு பில்லை டிஸ்கவுண்ட் செய்யக் கோருதல். நிகர வரவு ரூ.9,84,111, கேட்கும் தொகை ரூ.8,85,000; பணம் வரும் நாள் ஜனவரி 25.

வாங்குபவர்: சென்னையிலுள்ள வால்வு உற்பத்திக் கம்பெனி (பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இணைப்பில்). ஆறு ஆண்டுகளாக எங்களிடம் வாங்குகிறது. எங்கள் இரு நிறுவனங்களுக்கும் பங்குதாரர் உறவோ குடும்ப உறவோ இல்லை.

தொகை: பில் ரூ.10,03,000. தரப் பரிசோதனையில் தள்ளிய 36 எண்ணிக்கைக்கு டெபிட் நோட் ரூ.18,054. டி.டி.எஸ். ரூ.835. நிகரம் ரூ.9,84,111. வாங்குபவரின் அக்கவுண்ட்ஸ் பிரிவு இதை மின்னஞ்சலில் உறுதி செய்துள்ளது. முன்பணம் எதுவும் பெறவில்லை.

தேதி: சரக்கு வரவுச் சீட்டு டிசம்பர் 6. ஆர்டர்படி அதிலிருந்து 45 நாள், ஜனவரி 20. வாங்குபவர் 10, 25 ஆகிய தேதிகளில் மட்டும் பணம் அனுப்புவதால் ஜனவரி 25-ஐக் கெடுவாகக் கொள்ளக் கோருகிறோம்.

வரலாறு: கடந்த 12 மாதத்தில் 14 பில், ரூ.1,06,40,000. 11 பில் உரிய பேமென்ட் நாளிலேயே வந்தன. மார்ச்சில் இரண்டு, ஒரு சுற்றுத் தள்ளி. ஒன்று, வார்ப்புக் குறை பற்றிய தகராறால் 47 நாள் தாமதம், ரூ.92,000 கழித்துத் தீர்ந்தது. அதன் பிறகு கடைசலுக்கு முன்பே வார்ப்புகளைச் சோதிக்கிறோம். மொத்தக் கழிவு 1.3 சதவீதம். பில்வாரிப் பட்டியல் இணைப்பில்.

இந்தப் பில் வேறெங்கும் ஈடாக இல்லை. எங்கள் வங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இணைத்துள்ளோம். நீங்கள் குறிக்கும் கணக்கிலேயே பணம் செலுத்த வாங்குபவர் எழுத்தில் சம்மதித்துள்ளார்."

கடைசி வாக்கியத்துக்காக மட்டும் சென்னைக்கு நான்கு தடவை போன் செய்ய வேண்டியிருந்தது. வாங்கும் கம்பெனிகளுக்கு வங்கிக் கணக்கை மாற்றுவது என்றாலே பயம். மோசடிக்காரர்கள் அந்த வழியில்தான் வருவார்கள் என்பதால் அந்தப் பயம் நியாயமானதும்கூட. கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கடிதம் போன பிறகுதான் சம்மதித்தார்கள்.

சம்பளம், பதினோரு வருட உழைப்பு, நெருக்கடி எதுவுமே இதில் இல்லை. பட்டறைக்காரருக்கு அதில் மனக்குறைதான். "நம்மளப் பத்தி ஒண்ணுமே இல்லீங்களே" என்றார். உத்யம் சான்றிதழும் இரண்டு வருடக் கணக்கும் இணைப்பில் இருக்கின்றன, வேண்டுமானால் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

டிசம்பர் 17-ஆம் தேதி பணம் வந்தது. ஆண்டுக்கு 14 சதவீதம் என்ற கணக்கில் 39 நாளுக்கு 13,239 ரூபாய் வட்டியை முன்கூட்டிப் பிடித்துக்கொண்டு 8,71,761 ரூபாய் போட்டார்கள். விண்ணப்பம் பார்க்கும் அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்விதான்: இப்போது தள்ளிய 36 எண்ணிக்கையும் பழைய ப்ளோ ஹோல் பிரச்சினையா? இல்லை, துளை அளவு தப்பியது என்று பட்டறைக்காரரே போனில் விளக்கினார்.

ஒரு விஷயத்தை நானும் கவனிக்கவில்லை. ஜனவரி 25 ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் குடியரசு தினம். சென்னைக்காரர்கள் 27-ஆம் தேதிதான் பணம் அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளுக்கு 679 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி வைத்த பாக்கியில் 98,432 ரூபாயைத் திருப்பித் தந்தது ஃபைனான்ஸ் கம்பெனி. பிப்ரவரியில் அடுத்த பில்லுக்குக் கடிதம் எழுதும்போது, பழைய கோப்பைத் திறந்து வரலாற்றில் 14-ஐ 15 ஆக்கினேன். பிறகு காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.